சுண்ணாம்புக் காளவாயில் வினை எத்திசையில் செல்லும்?

பத்துமலைக் குன்றைக் காணாத மலேசியத் தமிழர் அரியர். ஈப்போவைச் சுற்றிக் கிந்தாப் பள்ளத்தாக்கில் செங்குத்தாக நிற்கும் வெளிறிய குன்றுகளையும் பலர் கண்டிருப்பர். இவை சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. வேதியியலார் இக்கல்லைக் கால்சியம் கார்பனேட் என்பர். இதனைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கல்லினுள் அடங்கியிருக்கும் கரியமிலவாயு வெளியேறுகிறது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் வார்த்தால் கொதித்துப் பொடிந்து, சுவருக்குப் பூசவும் வெற்றிலைக்குத் தடவவும் ஏற்ற நீற்றுச் சுண்ணாம்பாகிறது.

காளவாயில் நிகழும் மாற்றத்தை ஒரே வரியில் எழுதலாம்:

CaCO₃ ⇌ CaO + CO₂

இடையில் எதிரெதிராக இரண்டு அம்புகள் இருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கல் சிதைந்து சுண்ணாம்பும் வாயுவும் ஆகலாம். அவ்விரண்டும் கூடி மீண்டும் கல்லாகவும் ஆகலாம். காளவாயில் முதல் மாற்றம் நடைபெறுகிறது. பூசிய சுவரில் பல ஆண்டுகளாக மெல்ல நடைபெறுவது, நீரையும் துணைக்கொண்டு நிகழும் இரண்டாவது மாற்றம். பொருள்கள் அவையே ஆயினும் ஓரிடத்தில் வினை வலப்புறமும் மற்றோரிடத்தில் இடப்புறமும் செல்கிறது. இத்திசையைத் தீர்மானிப்பது எது? “வெப்பம்” என்று உடனே விடை வரும். அது பாதி விடையே. மற்றப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டவணை சொல்வதும் காளவாய் காட்டுவதும்

ஒரு மாற்றம் தானே நிகழுமா என்பதை அறிய வேதியியலார் கட்டிலா ஆற்றல் என்னும் ஓர் அளவைக் கையாளுகின்றனர். அமெரிக்க அறிஞர் வில்லார்டு கிப்ஸ் 1870களில் வகுத்தளித்த கருத்து இது. அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே இதனை G எனக் குறிப்பர். வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதிருக்கையில், எந்தத் திசையில் சென்றால் கட்டிலா ஆற்றல் குறையுமோ அந்தத் திசையில்தான் வினை தானே செல்லும். மாற்றத்தின் அளவை ΔG என எழுதுவர். அது எதிர்க்குறி பெற்றால் வினை எழுதியபடி வலப்புறம் செல்லும். நேர்க்குறி பெற்றால் இடப்புறம் திரும்பும். சுழியானால் எப்பக்கமும் சாயாமல் சமநிலையில் நிற்கும்.

வேதியியல் நூல்களின் அட்டவணைகளில் இதற்கான எண்கள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே அச்சிடப்பட்டிருப்பது ΔG அன்று, ΔG° ஆகும். மேலே உள்ள அச்சிறு வட்டத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதாலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. “ஒவ்வொரு பொருளும் ஏற்றுக்கொள்ளப்பட்ட திட்ட நிலையில் இருக்கும்போது” என்பது அவ்வட்டத்தின் பொருள். வாயுவுக்குத் திட்ட நிலை ஒரு வளி அழுத்தம். அதாவது கடல்மட்டத்தில் காற்று செலுத்தும் அழுத்தத்தின் அளவு.

800 பாகை செல்சியஸ் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் சிதைவதற்கு அந்த வெப்பநிலையில் ΔG° ஏறத்தாழ +13.5 கிலோஜூல் ஆகும். இது ஒரு மோலுக்கு, அதாவது நூறு கிராம் கல்லுக்கு உரிய கணக்கு. குறி நேர்க்குறி. ஆகவே, “800 பாகையில் சுண்ணாம்புக்கல் சிதையாது” என்று மாணவன் எழுதிவிடுகிறான். ஆயினும் ஒரு சிறு துண்டுக் கல்லை 800 பாகையில் வைத்து அதன்மேல் நல்ல காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் அது சுண்ணாம்பாகிவிடுகிறது. அட்டவணை பொய் சொல்கிறதா? இல்லை. கேட்ட கேள்வி ஒன்று, அட்டவணை விடையளித்த கேள்வி வேறொன்று. கல்லைச் சுற்றிலும் கரியமிலவாயு முழு ஒரு வளி அழுத்தத்தில் சூழ்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதையே அட்டவணை சொல்லிற்று. காற்று வீசும் இடத்திலோ அந்த வாயு மிகச் சிறிதளவே இருக்கிறது.

வினை ஈவு

உண்மை நிலைக்கும் திட்ட நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவரும் அளவுக்கு வினை ஈவு என்று பெயர்; அதன் குறியீடு Q. வலப்புறம் உள்ள பொருள்களின் இப்போதைய அளவுகளைப் பெருக்கி, இடப்புறம் உள்ளவற்றின் அளவுகளின் பெருக்குத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் ஈவு அது. வாயுவாயின் அதன் அழுத்தத்தையும், கரைசலில் உள்ள பொருளாயின் அதன் செறிவையும் திட்ட அளவோடு ஒப்பிட்டு இடவேண்டும். சமன்பாட்டில் ஒரு பொருளின் முன் 2 என்றிருந்தால் அதன் அளவை இருமடிக்கு உயர்த்தவேண்டும். 3 என்றிருந்தால் மும்மடிக்கு.

நமது வினையில் வலப்புறம் சுண்ணாம்பும் கரியமிலவாயுவும் உள்ளன. இடப்புறம் கல் உள்ளது. கல்லும் சுண்ணாம்பும் தூய திண்மங்கள். தூய திண்மம் ஒரு கைப்பிடி இருந்தாலும் ஒரு வண்டி இருந்தாலும் அதன் தன்மை ஒன்றே. அது எப்போதும் தன் திட்ட நிலையிலேயே இருக்கிறது. ஆதலால் அதற்கு 1 என்னும் மதிப்பு. எஞ்சுவது வாயு ஒன்றே:

Q = p(CO₂)

அதாவது, கல்லைச் சுற்றியுள்ள கரியமிலவாயுவின் அழுத்தத்தை வளியில் கூறினால் அதுவே வினை ஈவு. இவ்வளவு எளிமையாக Q அமையும் வினைகள் சிலவே. ஆகவேதான் இக்கருத்தைக் கற்பதற்குச் சுண்ணாம்புக் காளவாய் பொருத்தமானது.

கல்லின் அளவு கணக்கில் வராது என்பது வெறும் ஏட்டுக் கருத்து அன்று. பிரெஞ்சு வேதியியலார் ஆன்ரி தெப்ரே 1867ஆம் ஆண்டில் இதனைச் சோதனையால் காட்டினார். மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது வாயுவின் அழுத்தம் ஓர் அளவுவரை ஏறி நின்றுவிடுகிறது. அந்த அளவு வெப்பநிலையைப் பொறுத்ததே அன்றிக் கல்லின் அளவைப் பொறுத்ததன்று என அவர் கண்டார். 1886இல் ல சாத்தலியே என்பார் பல வெப்பநிலைகளில் அந்த அழுத்தங்களை அளந்தார்.

சமன்பாடும் அதன் உட்பொருளும்

திட்ட நிலையிலிருந்து உண்மை நிலைக்கு வரும் வழி இது:

ΔG = ΔG° + RT ln Q

இதில் R என்பது வாயு மாறிலி. அதன் மதிப்பு ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 8.314 ஜூல். T என்பது கெல்வின் அளவில் வெப்பநிலை; செல்சியஸ் எண்ணுடன் 273ஐக் கூட்டினால் கிடைக்கும். ln என்பது இயற்கை மடக்கை. இங்கே இரண்டு இடங்களில் கை தவறுவதுண்டு. கெல்வினுக்குப் பதில் செல்சியஸை இடுவது ஒன்று. ΔG° கிலோஜூலிலும் RT ஜூலிலும் இருப்பதைக் கவனியாமல் கூட்டிவிடுவது மற்றொன்று. விடை நம்ப முடியாத அளவு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் முதலில் இவ்விரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

மடக்கை என்றதும் தயங்குவோர்க்கு இதனை வேறு வகையில் கூறலாம். 800 பாகை செல்சியஸ் என்பது 1073 கெல்வின். அங்கே RT 8.92 கிலோஜூல் ஆகிறது. கரியமிலவாயுவின் அழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ΔG 20.5 கிலோஜூல் இறங்குகிறது. ஒரு வளியிலிருந்து பத்தில் ஒரு வளிக்கு வந்தால் 20.5 குறையும், நூறில் ஒன்றுக்கு வந்தால் மேலும் 20.5 குறையும். ஒவ்வொரு படியும் ஒரே உயரம்.

இப்படி இறங்குவதற்குக் காரணம் என்ன? வாயு அடர்ந்திருக்கும் இடத்தில் புதிதாக வரும் வாயு நெருக்கத்தில் புகவேண்டும். அருகியிருக்கும் இடத்திலோ தாராளமாகப் பரவலாம். கல்லிலிருந்து விடுபடும் வாயுவுக்குப் பரவ இடம் மிகுந்திருக்குமாயின், அது வெளியேறுவதற்கான சாய்வும் மிகுகிறது. அச்சாய்வின் அளவையே RT ln Q என்னும் உறுப்பு குறிக்கிறது.

800 பாகையில் நான்கு நிலைகள்

வெப்பநிலையை 800 பாகையிலேயே நிறுத்தி, வாயுவின் அளவை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

முதலாவது, கல்லைச் சுற்றிலும் தூய கரியமிலவாயு ஒரு வளி அழுத்தத்தில் இருக்கிறது. Q = 1. ஒன்றின் மடக்கை சுழி. ஆகவே ΔG, ΔG° இரண்டும் ஒன்றே: +13.5 கிலோஜூல். கல் சிதையாது, அங்கே சுண்ணாம்பு இருந்தால் அது வாயுவை உறிஞ்சிக் கல்லாகும்.

இரண்டாவது, காளவாய்ப் புகையில் நான்கில் ஒரு பங்கு கரியமிலவாயு. விறகோ கரியோ எரிவதாலும் கல் சிதைவதாலும் இந்த வாயு சேர்வதால், காளவாயில் இவ்வளவு இருப்பது இயல்பே. Q = 0.25, அதன் இயற்கை மடக்கை −1.386. அதனை 8.92ஆல் பெருக்க −12.4 கிடைக்கும். ΔG = 13.5 − 12.4 = +1.1 கிலோஜூல். திசை இன்னமும் இடப்புறமே. ஆயினும் மிக நெருங்கிவிட்டது.

மூன்றாவது, காற்றோட்டம் கூடுகிறது. வாயு பத்தில் ஒரு பங்காகிறது. Q = 0.1; RT ln Q = −20.5. ΔG = 13.5 − 20.5 = −7.0 கிலோஜூல். குறி மாறிவிட்டது. கல் இப்போது சிதையும்.

நான்காவது, வெளிக்காற்று தடையின்றி வீசுகிறது. இன்றைய காற்றில் கரியமிலவாயு பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு. Q = 0.0004, RT ln Q ஏறத்தாழ −69.8. ΔG = −56 கிலோஜூல். வலப்புறச் சாய்வு மிகப் பெரிது.

நான்கு நிலைகளிலும் வெப்பநிலையும் கல்லும் ஒன்றே; ΔG° என்னும் எண்ணும் மாறவில்லை. மாறியது சுற்றியிருந்த வாயுவே. அந்த ஒன்றே திசையைத் திருப்பிவிட்டது.

நடுக்கோடு எங்கே?

இரண்டாவது நிலைக்கும் மூன்றாவது நிலைக்கும் இடையில் எங்கோ ΔG சுழியாக வேண்டும். கணக்கிட்டால் அது 0.22 வளியில் அமைகிறது. அதுவே 800 பாகையில் இவ்வினையின் சமநிலை மாறிலி. அதனை K என்பர். தெப்ரே கண்ட நிலைத்த அழுத்தமும் இதுவே. K தெரிந்துவிட்டால் சமன்பாட்டை இன்னும் சுருக்கலாம்:

ΔG = RT ln (Q/K)

Q சிறிதாயின் வலப்புறம், Q பெரிதாயின் இடப்புறம், இரண்டும் ஒத்தால் நிறுத்தம். திசையை மட்டும் அறிய வேண்டுமாயின் இவ்விரண்டு எண்களையும் ஒப்பிட்டாலே போதும். சாய்வின் அளவையும் அறிய வேண்டுமாயின் கணக்கிட வேண்டும்.

வினை நடக்க நடக்க Q மாறிக்கொண்டே போகும் என்பதையும் மறத்தல் ஆகாது. ஒரு லிட்டர் கலத்திலிருந்து காற்றை நீக்கி, பத்துக் கிராம் கல்லை இட்டு மூடி, 800 பாகைக்குச் சூடாக்குவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் வாயு இல்லை, கல் சிதைகிறது. வாயு சேரச் சேர Q ஏறுகிறது. 0.22 வளியைத் தொட்டதும் சிதைவு நின்றுவிடுகிறது. அதற்குள் சிதைந்த கல் கால் கிராம் மட்டுமே. நூறு கிராம் கல்லை இட்டிருந்தாலும் அதே கால் கிராம்தான் சிதையும். பத்தில் ஒரு கிராம் மட்டும் இட்டிருந்தால் என்ன ஆகும்? அது முழுவதும் சிதைந்தும் அழுத்தம் 0.09 வளியை எட்டாது. கல்லே இல்லாததால் சமநிலையும் ஏற்படாது. திண்மத்தின் அளவு கணக்கில் வராது என்ற விதி, அந்தத் திண்மம் சிறிதேனும் எஞ்சியிருக்கும்வரை மட்டுமே செல்லும்.

துப்பாக்கிக் குழாயில் பளிங்கு

ΔG° நேர்க்குறியாக இருந்தும் வினை முன்செல்வதைக் கண்டோம். அது எதிர்க்குறியாக இருந்தும் வினை பின்செல்வதுண்டு. அதற்கு நல்ல சான்று, கிப்ஸ் பிறப்பதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட சோதனை.

பூமியின் ஆழத்து வெப்பத்தினால் சுண்ணாம்புக்கல் பளிங்காக மாறியது என்று ஜேம்ஸ் ஹட்டன் கூறியிருந்தார். “சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் வாயு நீங்கிச் சுண்ணாம்பாகிவிடுமே, பளிங்கு எப்படி ஆகும்?” என்று மறுத்தோர் கேட்டனர். அவர் நண்பர் சர் ஜேம்ஸ் ஹால், சுண்ணாம்புக்கல் தூளைத் துப்பாக்கிக் குழாய்களில் அடைத்து, வாயு தப்பாதபடி மூடிச் சூளையில் இட்டார். குழாய்கள் பல வெடித்தன, மூடிகள் கசிந்தன. ஆயினும் வாயு தப்பாத குழாய்களில் தூள் சுண்ணாம்பாகவில்லை. இறுகிப் பளிங்கு போன்ற கல்லாயிற்று. எடின்பரோவின் அரச கழகத்தில் 1805இல் அவர் இதனை எடுத்துரைத்தார்.

நமது சமன்பாடு இதனை எளிதில் விளக்கிவிடும். 1000 பாகை செல்சியஸில் K ஏறத்தாழ 3.9 வளி, ΔG° ஏறத்தாழ −14.3 கிலோஜூல். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் “கல் சிதையும்” என்பார். ஆனால் அடைத்த குழாயில் வாயுவின் அழுத்தம் 10 வளி என்று கொள்வோம். RT 10.58, பத்தின் இயற்கை மடக்கை 2.303, பெருக்கினால் +24.4. ΔG = −14.3 + 24.4 = ஏறத்தாழ +10 கிலோஜூல். கல் கல்லாகவே நிற்கும். பூமியின் ஆழத்தில் பாறைகளின் பாரம் செய்யும் வேலையை இங்கே மூடி செய்தது.

காளவாயில் நேரும் குறை

சுண்ணாம்பு சுடுவோர் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. வெளியே நன்கு வெந்து வெளுத்த கட்டியை நீரில் இட்டால் மேற்பகுதி பொடிந்துவிடுகிறது. நடுவில் மட்டும் வேகாத கல் கிடக்கிறது. “தீ போதவில்லை” என்று மேலும் விறகு இடுவது வழக்கம். தீயின் அளவு ஒரு காரணமே; கட்டியின் உள்ளே இருக்கும் வாயு மற்றொரு காரணம்.

850 பாகையில் K ஏறத்தாழ 0.49 வளி. காளவாய்ப் புகையில் வாயு 0.25 வளி இருந்தாலும் கட்டியின் மேற்பரப்பில் ΔG ஏறத்தாழ −6 கிலோஜூல். ஆகவே மேற்பகுதி வேகிறது. கட்டியின் நடுவிலோ நிலைமை வேறு. அங்கே காற்று புகாது. கல்லிலிருந்து வரும் கரியமிலவாயு மட்டுமே நுண்துளைகளில் நிறைந்திருக்கும். அது வெளிவரும் வழியும் நெடிது. அங்கே வாயுவின் அழுத்தம் ஒரு வளியை நெருங்கலாம். அதாவது Q ஏறத்தாழ 1. அந்நிலையில் ΔG சுழியாவது ஏறத்தாழ 895 பாகையில்தான். மேற்பரப்பு 850 பாகையில் வேகும்போது, நடுப்பகுதி 895 பாகை வரும்வரை காத்திருக்கிறது. வெந்த மேற்பகுதி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாதது குறையை இன்னும் பெருக்குகிறது. ஒவ்வொரு நூறு கிராம் கல்லும் சிதைவதற்கு ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கவும் வேண்டும்.

ஆகவே பரிகாரமும் இரண்டு வகை. கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து ஏறத்தாழ ஒரே அளவாக இடுவதும், துண்டுகளின் இடையே காற்று செல்ல வழி விடுவதும் Qவைக் குறைக்கும். தீயைக் கூட்டுவது Kயை உயர்த்தும். தீயை மட்டுமே நம்பி அளவுமீறிச் சுட்டால் வேறொரு கேடு வரும். மேற்பகுதிச் சுண்ணாம்பு இறுகித் துளைகள் அடைபட்டு, நீரில் இட்டாலும் எளிதில் நீறாத கட்டியாகிவிடும். காற்றையும் அளவின்றி விடலாகாது; மிகுதியான காற்று வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும்.

வெந்ததா இல்லையா என்பதை எடையால் அறியலாம். தூய கல் நூறு கிராம் முழுவதும் வெந்தால் 56 கிராம் சுண்ணாம்பு எஞ்சும். 44 கிராம் வாயு நீங்கும். ஒரு கிலோ கல்லில் 660 கிராம் எஞ்சினால், நீங்கியது 340 கிராம். நீங்க வேண்டியது 440 கிராம். ஆகவே நூற்றுக்கு 77 பங்கே வெந்தது. கல்லில் மண்ணும் மணலும் கலந்திருந்தால் இக்கணக்கு பிசகும். அப்போது, நீற்றியபின் எஞ்சும் நடுக்கட்டியைக் கழுவி அதன்மேல் காடி சில துளிகள் விடலாம். நுரைத்துப் பொங்கினால் அது வேகாத கல்.

திசை வேறு, விரைவு வேறு

இச்சமன்பாடு சொல்லாத ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். அறை வெப்பநிலையில், அதாவது 25 பாகையில், ΔG° +130.4 கிலோஜூல். காற்றில் உள்ள வாயுவைக் கொண்டு கணக்கிட்டால் RT ln Q −19.4. ΔG = ஏறத்தாழ +111 கிலோஜூல். ஆதலால் இடப்புறச் சாய்வு மிகப் பெரிது. பத்துமலை சுண்ணாம்பாகச் சிதையாமல் நிற்பதற்கும், சுட்ட சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் கெடுவதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவு பெரிய சாய்வு இருந்தும், ஈரமே இல்லாத காற்றில் சுட்ட சுண்ணாம்பு எளிதில் கல்லாவதில்லை. ஈரம் பட்டு முதலில் நீறினால்தான் வாயுவைத் தக்க விரைவில் ஏற்கும். சுண்ணாம்புக் காரை உள்ளே இறுகுவதற்கு ஆண்டுகள் பல ஆகின்றன. மறுபுறம், வெளிக்காற்றில் கல் சிதைவதற்கான சாய்வு ஏறத்தாழ 530 பாகையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த வெப்பத்தில் சிதைவு மிக மெல்ல நடப்பதால் எவரும் அங்கே காளவாயை நிறுத்துவதில்லை. ΔGயின் குறி திசையைக் காட்டும். எவ்வளவு நேரத்தில் என்பதைக் காட்டாது. அதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டும்.

ஒரே வினை, இரண்டு உலைகள்

இருபுறமும் செல்லும் இவ்வினையைத் திட்டமிட்டுத் திருப்பும் முறை ஒன்று அண்மைக்காலத்தில் சோதிக்கப்பட்டு வருகிறது. நிலக்கரி எரியும் மின்நிலையங்களின் புகையில் ஏறத்தாழ 0.15 வளி கரியமிலவாயு உண்டு. அப்புகையை 650 பாகையில் உள்ள சுண்ணாம்பின் ஊடே செலுத்துகின்றனர். அந்த வெப்பநிலையில் K ஏறத்தாழ 0.01 வளி. Q அதனைவிடப் பதினைந்து மடங்கு பெரிது. ΔG ஏறத்தாழ +21 கிலோஜூல். வினை இடப்புறம் திரும்பிச் சுண்ணாம்பு வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. வாயு 0.01 வளிக்குக் குறைந்ததும் பிடிப்பதும் நின்றுவிடும்; எவ்வளவு சுண்ணாம்பு இட்டாலும் அந்த வெப்பநிலையில் அதற்குக் கீழே கொண்டுபோக இயலாது.

பிறகு அந்தக் கல்லை வேறோர் உலைக்குக் கொண்டுசென்று வாயுவைப் பிரிக்கின்றனர். காற்றை ஊதினால் குறைந்த வெப்பத்திலேயே பிரிந்துவிடும் அல்லவா? பிரியும், ஆனால் வாயு மீண்டும் காற்றோடு கலந்துவிடும். தூய வாயுவாகவே பெற்றுச் சேமிக்க வேண்டுமாயின் உலையில் Q ஒன்றை நெருங்கியே இருக்கும். ஆதலால் 900 பாகையை எட்டியாக வேண்டும்; அதற்கான எரிபொருளைக் காற்றில் எரிக்காமல் ஆக்சிஜனில் எரிக்கவும் வேண்டும். இம்முறையின் செலவில் ஒரு பெரும்பகுதி இங்கேதான் ஏற்படுகிறது. ஸ்பெயின் நாட்டின் லா பெரேடாவில் 2012 முதல் இதற்கான சோதனை நிலையம் ஒன்று இயக்கப்பட்டது. பலமுறை சுட்டும் பிடித்தும் வந்த சுண்ணாம்பு தன் பிடிக்கும் ஆற்றலைப் படிப்படியாக இழப்பது அங்கும் பிற இடங்களிலும் காணப்பட்ட இடர். அது துளைகள் அடைபடுவதால் வருவது. ΔG கணக்கில் அகப்படாதது.

ஆகவே ஒரு வினையின் திசையைக் கேட்பவர் மூன்று எண்களைக் கேட்க வேண்டும். வெப்பநிலை என்ன? அந்த வெப்பநிலையில் K என்ன? இப்போது அங்கே உள்ள Q என்ன? இரண்டாவதை நூலிலிருந்து பெறலாம். மற்ற இரண்டையும் காளவாயின் வாயில் நின்று அளந்துதான் பெறவேண்டும்.